கிரிட்டிகல் ரேஷியோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ச., ஓசூர்:
வணக்கம். சிஎன்சி பிரிவு ஆட்களுக்குத் தமிழில் ஒரு விளக்கத்தாள் எழுதுகிறேன். அடுத்து எந்த வேலையை எந்திரத்தில் ஏற்றுவது என்பதற்கு இதுவரை வந்த வரிசைதான். இனி கெடுவுக்கு மீதமுள்ள நாட்களை, மீதமுள்ள வேலைக்கு ஆகும் நாட்களால் வகுத்து, சிறிய எண் வருவதை முதலில் ஏற்றப் போகிறோம். இந்த எண்ணுக்கு ‘அவசர விகிதம்’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

மு., கிருஷ்ணகிரி:
இயற்பியல் பாடத்தில் ‘மாறுநிலை வெப்பநிலை’ என்கிறோமே, அந்த வழியில் ‘மாறுநிலை விகிதம்’ எனலாம். இங்கும் 1 என்பது ஒரு எல்லை. அதற்குக் கீழே போனால் கெடு தவறும். திங்கட்கிழமை ஒருமுறை கணக்கிட்டு ஒட்டிவிட்டால் வாரம் முழுக்க அதே வரிசையில் ஓட்டலாம்.

கா., ஓசூர்:
மு. ஐயா சொன்ன எல்லை சரி. ஒருமுறை கணக்கிட்டால் போதும் என்பது சரியில்லை. ஒரே எந்திரம், நான்கு வேலைகள் என்று வைத்துப் பாருங்கள். வந்த வரிசையில்: ஷாஃப்ட் 4 நாள் வேலை, கெடு 16ஆம் நாள், புஷ் 3 நாள், கெடு 6, ஃபிளேஞ்ச் 5 நாள், கெடு 8, பின் 2 நாள், கெடு 11.

வந்த வரிசையில் ஓட்டினால் 4, 7, 12, 14ஆம் நாட்களில் முடியும். ஷாஃப்ட் மட்டும் தப்பும். மற்றவை 1, 4, 3 நாள் தாமதம். மூன்று வேலை தாமதம், சராசரி 2 நாள்.

தொடக்க நாளில் விகிதம் முறையே 4, 2, 1.6, 5.5. அதே வரிசையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டால் ஃபிளேஞ்ச், புஷ், ஷாஃப்ட், பின் என்று போகும். புஷ் 2 நாள், பின் 3 நாள் தாமதம், சராசரி 1.25.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் மறுபடி வகுத்துப் பாருங்கள். 8ஆம் நாள் ஷாஃப்டுக்கு 8/4 = 2, பின்னுக்கு 3/2 = 1.5. இப்போது பின் முந்துகிறது. தாமதம் புஷ் ஒன்றுதான், 2 நாள், சராசரி 0.5.

பெயருக்கு வருகிறேன். ‘அவசர விகிதம் 0.5’ என்றால் அவசரம் குறைவு என்றுதான் ஆபரேட்டர் படிப்பார், உண்மை தலைகீழ். ‘அவகாச விகிதம்’ என்றால் எண் சிறுத்தால் அவகாசம் சிறுத்தது என்று தானே புரியும்.

வெ., தருமபுரி:
எங்கள் மாம்பழக்கூழ் ஆலையில் சீசனில் லாரிகள் டோக்கன் எண்படிதான் உள்ளே வரும். வரிசையை மாற்றினால் டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். பெங்களூரா முழுதாகப் பழுத்து வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அங்கே இதைப் போட முடியுமா?

கா., ஓசூர்:
வெ. அண்ணா, உங்கள் லாரிக்குக் கெடு என்று யாரும் எழுதித் தருவதில்லையே. பழம் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஒருவர் வாசலிலேயே பார்த்துக் குறித்தால் அதுவே கெடு. அதன்பின் இறக்க ஆகும் நேரத்தால் வகுக்கலாம். டிரைவர்களைச் சமாளிப்பது வேறு கதை!

ச., ஓசூர்:
கா. அவர்கள் கணக்கை ஷீட்டில் போட்டேன். முடிந்த நாளிலிருந்து கெடுவைக் கழித்துச் சராசரி எடுத்தால் வந்த வரிசைக்கும் −1, உங்கள் மூன்றாவது முறைக்கும் −1. எங்கே தவறு?

கா., ஓசூர்:
கழித்தலில் தவறில்லை. ஷாஃப்ட் 12 நாள் முன்னதாக முடிந்தது, மற்ற மூன்றின் தாமதத்தை அது விழுங்கிவிட்டது. முடியும் நாட்களின் கூட்டுத்தொகை இரண்டிலும் 37 என்பதால் சராசரியும் ஒன்றாகிறது. முன்னதாக முடிந்ததைச் சுழியம் என்று வைத்தால்தான் வேறுபாடு தெரியும். ஆகவே உங்கள் தாளுக்கு இரண்டு சொல் வேண்டும்: கழித்து வருவதற்குக் ‘கெடு விலகல்’, சுழியத்துக்குக் கீழே போகாததற்குத் ‘தாமதம்’.

மு., கிருஷ்ணகிரி:
இதே நான்கையும் கெடு வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். புஷ், ஃபிளேஞ்ச், பின், ஷாஃப்ட் 3, 8, 10, 14ஆம் நாட்களில் முடிகின்றன. ஒன்றுகூடத் தாமதமில்லை! பிறகு எதற்கு விகிதம்?

கா., ஓசூர்:
நியாயமான கேள்வி. ஒரே எந்திரம், எல்லா வேலையும் கையில் இருக்கிறது என்றால் மிகப் பெரிய தாமதத்தைக் குறைக்கக் கெடு வரிசையை மிஞ்ச முடியாது. விகிதம் நீண்ட வேலையை முன்னே தள்ளும். ஃபிளேஞ்ச் புஷ்ஷை முந்தியது அதனால்தான். ஒரு வேலை லேத், மில்லிங், கிரைண்டிங் என்று பல எந்திரம் ஏறும்போது, மீதி வேலை எவ்வளவு என்பது கெடுத் தேதியில் தெரியாது. அங்கே விகிதம் உதவும்.

கெடு தாண்டியவற்றை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். ஒரு நாள் பிந்திய ஒரு நாள் வேலைக்கு −1, நான்கு நாள் பிந்திய எட்டு நாள் வேலைக்கு −0.5. சிறிய எண் முதலில் என்றால் குறைவாகப் பிந்தியது முந்திவிடும்.

மு., கிருஷ்ணகிரி:
அவகாசம் −0.5 என்று எப்படிப் படிப்பது? உங்கள் சொல்லும் அங்கே தடுமாறுகிறது. நான் ‘மாறுநிலை’யை விடுவதாக இல்லை.

ச., ஓசூர்:
இப்போதைக்கு ‘அவகாச விகிதம்’ என்று அச்சிடுகிறேன். கெடு தாண்டிய வேலைகளுக்குத் தனிப் பலகை. அதில் விகிதம் எழுதப்போவதில்லை, பிந்திய நாள் மட்டும்.