ஞாயிறு பொதுக்குழு: ஆண்டறிக்கை

செல்வி (செயலாளர்): 2024-25 ஆண்டறிக்கை போட்டிருக்கிறேன். 8 மணிக்குள் திருத்தம் சொல்லுங்கள், அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

முருகேசன்: அருமை 👏👏

ரங்கநாதன்: அதற்குள் படித்துவிட்டீரா?
பக்கம் 2: "பராமரிப்பு வசூல் கடந்த ஆண்டைவிட 20% உயர்ந்தது." பக்கம் 7 அட்டவணையில் 24 லட்சம், 27.6 லட்சம். கூடியது 3.6 லட்சம். அதை 24ஆல் வகுத்தால் 15% தான் வருகிறது.

அசோக்: சதுர அடிக்கு 2.50 இருந்தது 3 ரூபாய் ஆனதே சார், அது 20% தானே?

ரங்கநாதன்: கட்டணம் 20% ஏறியது, சரி. ஆனால் ஜூலையிலிருந்துதான். முதல் மூன்று மாதம் 2 லட்சம் வீதம் 6 லட்சம், மீதி ஒன்பது மாதம் 2.4 லட்சம் வீதம் 21.6. மொத்தம் 27.6.

செல்வி: அப்போ 15% என்று மாற்றிவிடுகிறேன்.

ரங்கநாதன்: பொறுங்கள் அம்மா. 80 வீடும் பைசா பாக்கியில்லாமல் கட்டினால் வருகிற தொகை இது. பக்கம் 5இல் நிலுவை 1.8 லட்சம் என்கிறீர்கள். அட்டவணையில் இருப்பது வசூலா, நாம் போட்ட பில்லா?

முருகேசன்: 1.8 லட்சம் யார் யார் என்று பெயர் போடுங்கள் 😄

அசோக்: மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள். என் வீட்டுக் கசிவைச் சரிசெய்யுங்கள், அன்றைக்கே கட்டுகிறேன்.

செல்வி: பழைய பாக்கி கொஞ்சம் வந்தது சார். அதனால் சமமாகியிருக்கலாம்.

ரங்கநாதன்: இருக்கலாம். 2024 மார்ச் நிலுவையோடு 2024-25 பில்லைக் கூட்டி, வங்கியில் வந்த பணத்தைக் கழியுங்கள். 1.8 வந்தால் சரி. ஆனால் அந்த 2024 மார்ச் நிலுவையே அறிக்கையில் இல்லையே.

மீனாட்சி மாமி: தண்ணீர் லாரி செலவு "கடந்த ஆண்டைவிடக் குறைவு" என்று போட்டிருக்கிறதே? மே மாதம் தினம் லாரி வந்து ஹாரன் அடித்ததே!

செல்வி: அது 2025 மே, மாமி. இதில் மார்ச் 31 வரைதான்.

மீனாட்சி மாமி: அப்போ எந்த ஆண்டு கடந்த ஆண்டு?

ரங்கநாதன்: மாமி கேட்டது சரியான கேள்வி. "கடந்த ஆண்டு" வருகிற இடத்திலெல்லாம் 2023-24 என்றே எழுதுங்கள். ஆகஸ்டில் படிக்கிறவர் வேறு ஆண்டைத்தான் நினைப்பார்.

முருகேசன்: மதியம் சாப்பாடு உண்டா?

மீனாட்சி மாமி: போன தடவை வடை பாதிப் பேருக்கு வரவில்லை.

முருகேசன்: அதையும் அட்டவணையில் சேருங்கள் 😂

செல்வி: கணக்கர் ஊரில் இல்லை, போனும் எடுக்கவில்லை. பக்கம் 2ஐ மட்டும் திருத்தி அனுப்பட்டுமா?

ரங்கநாதன்: வங்கிக் கணக்கைப் பார்க்காமல் "வசூல்" என்று அச்சடித்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

செல்வி: பக்கம் 7ஐத் தனித்தாளாக ஞாயிறன்று கொடுக்கலாமா?

அசோக்: 👍

முருகேசன்: வடை எத்தனை?