பகுதிநேர வேலை கேட்டு பேக்கரிக்கு அனுப்பிய செய்தி

வண்ணாமடை:

ஊர் பாலக்காட்டுக் கிழக்கோரம், வண்ணாமடை. இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் முதுகலை படிக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் பக்கம் கிளம்புகிறார்கள். அதனால் கடைக்கு வேலை கேட்டு நான் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன். தங்கியிருக்கும் தெருமுனையில் ஒரு சின்ன பேக்கரி. அவர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பியது தமிழில் இப்படி வரும்:

"வணக்கம். நான் இங்கே பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவி. சனி, ஞாயிறு காலையில் கடைக்கு ஆள் தேவைப்படுமா? என் விசாப்படி பாடம் நடக்கும் காலத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வேறு எங்கும் வேலை செய்யவில்லை. நீங்கள் சரிபார்க்க, என் வேலை அனுமதியை அரசுத் தளத்தில் காட்டும் ஷேர் கோடும், பாடத் தேதிகள் உள்ள பல்கலைக்கழகக் கடிதமும் தருகிறேன். ஊரில் சித்தப்பா பேக்கரியில் கல்லாவும் பேக்கிங்கும் பார்த்த பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை நேரில் வரலாமா?"

அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், கல்விக் கடன் எதையும் எழுதவில்லை. பாஸ்போர்ட் படத்தையும் அனுப்பவில்லை. அன்றைக்கே பதில் வந்தது. உரிமையாளர் அம்மா கேட்ட முதல் கேள்வி சம்பளமோ அனுபவமோ இல்லை, "கடிதத்தைக் கொண்டு வருவீர்களா?" என்பதுதான்.

போன பிறகு ஒன்று கவனித்தேன். யாருக்கு எப்போது வேலை என்று அவர்கள் போடும் வார அட்டவணை, அதாவது ரோட்டா, வியாழனில் தொடங்கிப் புதனில் முடிகிறது. விசாக் கணக்கு திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. அவர் எழுதிக் காட்டிய அட்டவணையில் முதல் ரோட்டாவின் கடைசியில் திங்கள் 6, செவ்வாய் 7, புதன் 7. அது 20. அடுத்த ரோட்டாவில் சனி 6, ஞாயிறு 6, மறு திங்கள் 4, செவ்வாய் 4. அதுவும் 20. கடைக் கணக்கில் இரண்டுமே சரி. ஆனால் நடுவில் இருக்கிற திங்கள் முதல் ஞாயிறு வரை கூட்டினால் 32 வருகிறது! அட்டவணை சுவரில் ஏறுவதற்கு முன்னாலேயே அவரிடம் கூட்டிக் காட்டினேன். உடனே மாற்றிவிட்டார். செய்தியில் "வாரம் 20" என்று மொட்டையாக எழுதாமல் கிழமையோடு எழுதச் சொல்வது இதற்குத்தான்.

கொழிஞ்சாம்பாறை, இப்போது பர்மிங்காம்:

நல்லா எழுதியிருக்கே கண்ணு. நான் ஒரு உணவகத்தில் ஆள் எடுக்கும் வேலையைப் பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "வேலை இருக்கா சார், எந்த நேரமும் வருவேன்" என்று தினமும் செய்தி வரும். எந்த நேரமும் வருகிறேன் என்று ஒரு மாணவன் எழுதினாலே எனக்குப் பயம்தான். அனுமதி இல்லாத ஆளையோ, அனுமதித்த மணிக்கு மேலோ வேலை வாங்கினால் முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். 2024 பிப்ரவரிக்கு முன்னால் 15,000 தான். சின்னக் கடை அதோடு மூட வேண்டியதுதான்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். மாணவர் தரும் ஷேர் கோடையும் பிறந்த தேதியையும் அரசுத் தளத்தில் போடுவோம். படமும் நிபந்தனையும் திரையில் வரும். முகம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைப்போம். வேலைக்கான கோட் W என்ற எழுத்தில் தொடங்கும். வாடகை வீட்டுக்கு எடுத்த கோடைக் கொண்டு வந்து நீட்டுகிற பிள்ளைகள் உண்டு, அது இதற்கு ஆகாது. கோட் 90 நாள்தான் செல்லும், அதனால் முதல் செய்தியிலேயே போட வேண்டாம். கேட்கும்போது புதிதாக எடுத்துத் தரலாம். மாணவர் என்றால் பாடத் தேதிக் கடிதமும் எங்கள் கோப்பில் இருக்க வேண்டும். அந்த அம்மா முதலில் அதைக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

"வேறு எங்கும் வேலை செய்யவில்லை" என்ற வரியை யாரும் விட்டுவிடாதீர்கள். 20 மணி என்பது எல்லா வேலையும் சேர்த்து. இன்னொரு கடையில் நீங்கள் 8 மணி பார்ப்பது எனக்குத் தெரியாவிட்டால் நான் எப்படி ரோட்டா போடுவேன்?

வேலந்தாவளம்:

எங்க பையன் மெல்போர்னில் படிக்கிறான். அவனுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் உண்டே. இந்தப் பொண்ணு எதுக்கு இருபதோடு நிறுத்திக்கணும்? அந்தக் கடைக்காரம்மா ஏமாத்துறாங்களோ?

வண்ணாமடை:

இல்லீங்க அம்மா, அது ஆஸ்திரேலியாக் கணக்கு. இங்கே சட்டமே 20 தான். டிகிரிக்குக் கீழான படிப்பு என்றால் 10 தான். உங்கள் பையனிடம் ஒன்று சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு திங்களும் ஒரு புது இரண்டு வாரக் கணக்கு தொடங்கும். ஒரு வாரம் 30, அடுத்த வாரம் 18 என்றால் சரியாக 48. ஆனால் மூன்றாவது வாரம் 32 போட்டால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 50 ஆகிவிடும்.

மீனாட்சிபுரம்:

என் அண்ணன் மகன் இங்கிலாந்தில் பி.எஸ்.சி. படித்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை முழுநேரம் வேலை பார்த்தான், ஒரு பிரச்சினையும் இல்லை. விடுமுறையில் இந்த 20 கணக்கே கிடையாது. அதையும் செய்தியில் எழுதியிருந்தால் கடைக்காரர் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார். மாலையில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரியும் பார்க்கலாம், மணி மீறாமல் இருந்தால் போதும்.

கொழிஞ்சாம்பாறை, இப்போது பர்மிங்காம்:

பி.எஸ்.சி.க்கு அது சரி அண்ணா. முதுகலைக்கு அப்படியே ஒத்துவராது. கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்குப் பல்கலைக்கழகம் விடுமுறை என்று தேதி கொடுத்திருந்தால் முழுநேரம் செய்யலாம். கோடையில் அவர்கள் ஆய்வேடு எழுதுவதால் வகுப்பே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அது பாடக் காலம்தான், 20 தான். கடிதத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

டெலிவரி விஷயத்தில் கவனம் வேண்டும். அந்த ஆப்களில் பெரும்பாலும் நீங்கள் யாருக்கும் ஊழியர் இல்லை, சுயதொழில் கணக்கு. மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது. ஒரு மணி நேரம் செய்தாலும் மீறல்தான். அடுத்தவர் கணக்கில் ஓட்டுவது அதைவிட ஆபத்து.

சித்தூர்-தத்தமங்கலம்:

அக்கா, எனக்கு ஒரு கடையில் "முதலில் சம்பளமில்லாமல் மூன்று மணி நேரம் நின்று பாருங்கள், கோட் எல்லாம் அப்புறம்" என்றார்கள். அதையும் 20-இல் சேர்க்கணுமா? வேலை பழகிப் பார்ப்பதுதானே, கணக்கில் வராது என்கிறார் என் அறைத்தோழர்.

கொழிஞ்சாம்பாறை, இப்போது பர்மிங்காம்:

சம்பளம் இல்லை என்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது தம்பி. பாத்திரம் கழுவி, வாடிக்கையாளருக்குப் பரிமாறினால் என் கணக்கில் அது வேலைதான். கோடைப் பார்க்காமல் நான் யாரையும் கவுண்டருக்குப் பின்னால் நிற்க விட மாட்டேன்.

சித்தூர்-தத்தமங்கலம்:

நான் பரிமாறவில்லை அண்ணா, ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு மணி நேரம் மட்டும் டப்பாவில் மூடி போட்டுக் கொடுத்தேன்.

வண்ணாமடை:

ஓரமாக நின்றதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மூடி போட்ட மணியை அந்த வாரக் கணக்கில் சேர்த்துக்கொள், பாதகமில்லை. அடுத்த முறை கூப்பிட்டால் "வருவதற்கு முன் ஷேர் கோடைச் சரிபார்த்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போ.

எனக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளுக்கும் கடிதத்தில் உள்ள படிப்பு முடியும் தேதிக்கும் இடையில் சில வாரம் வருகிறது. அந்த அம்மா அப்போது முழுநேரம் கேட்கிறார். பல்கலைக்கழக விசா அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். எழுத்தில் பதில் வரும்வரை 20 தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.