ஓனர் மாதம் எவ்வளவு எடுக்கலாம்? ஷூ அப்பர் தையல் யூனிட், ஆம்பூர்

தையல்மேடை: அவசரம். ஜாப் ஒர்க் யூனிட், வேலை குறையவே இல்லை. ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கைமாத்து வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு மாதம் எவ்வளவு எடுக்கலாம்?

பாலாற்றங்கரை: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? கம்பெனி பில் எத்தனை நாளில் வருகிறது? தவணை உண்டா? இதெல்லாம் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

குடியாத்தம்_லுங்கி: வருகிற பணத்தில் 30 சதவீதம் எடுங்கள். நான் அப்படித்தான்.

பழைய_கணக்கு: வருகிற பணத்தில் பாதிக்கு மேல் கூலிக்கே போகும் தொழிலில் 30 சதவீதமா? நாலாம் வகுப்புக் கணக்கு தெரியாதவர்கள்தான் இங்கே ஆலோசனை சொல்ல வருகிறார்கள்.

தையல்மேடை: 10 பேர், வாரக் கூலி 30,000. பில் 60 நாள். ஜிஎஸ்டி, கூலி, நூல், வாடகை, மிஷின் தவணை எல்லாம் போக ஆறு மாதத்தில் கையில் நின்றது (ஆயிரத்தில்): 66, 58, 24, 70, 28, 54.

பாலாற்றங்கரை: சராசரி 50 வருகிறது. வருமான வரிக்கும் மிஷின் ரிப்பேருக்கும் மாதம் 8 ஒதுக்குங்கள். மீதி 42, அதுதான் உச்சவரம்பு. ஆனால் இப்போதே 42 எடுக்காதீர்கள். 24, 28 வந்த மாதங்களில் அது கூலியைத் தின்னும். நாலு வாரக் கூலி 1,20,000 தனியாகச் சேரும்வரை 26 மட்டும் எடுங்கள். மாதம் 16 மிஞ்சினால் ஏழெட்டு மாதத்தில் சேர்ந்துவிடும். 5ஆம் தேதி ஒரே தடவை வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, தொழில் கணக்கை உங்கள் போன் ஜிபேயிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, நூல் கடையில் பாக்கி ஏறுகிறதா?

வாணியம்பாடி_பிரியன்: தொழிலாளிகளுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் திரும்ப வராது பாய், என் அனுபவம்.

பழைய_கணக்கு: கேட்டது ஓனர் எடுப்பதைப் பற்றி.

குடியாத்தம்_லுங்கி: ஓனர் தனக்குச் சம்பளம் எழுதிக்கொண்டால் வரியும் குறையுமே?

பழைய_கணக்கு: தனி உரிமையாளர் எடுப்பது செலவல்ல, பற்று. வரிக்கு ஒரு பைசா கழியாது. கூட்டு நிறுவனத்தில் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால் வேலை செய்யும் பங்குதாரருக்கு வரம்புக்குள் கழியும். எதற்கு எது என்று பார்த்துப் பேச வேண்டும்.

குடியாத்தம்_லுங்கி: என் ஆடிட்டர் வேறு மாதிரி சொன்னார்.

பழைய_கணக்கு: உங்களுடையது கூட்டு நிறுவனமாக இருக்கும்.

குடியாத்தம்_லுங்கி: ஆமாம், தம்பியும் நானும். அதனால் என்ன?

(இதே சண்டை இன்னும் ஒன்பது பதிவு.)

தையல்மேடை: பாலாற்றங்கரை அண்ணே, நூல் கடை பாக்கி 18,000லிருந்து 47,000 ஆகியிருக்கிறது, கவனிக்கவே இல்லை. ஸ்டேட்மென்ட் எடுத்தேன். ஜூனில் பிள்ளைகள் ஃபீஸ் மட்டும் 70,000 தொழில் கணக்கிலிருந்து போயிருக்கிறது. 26 வைத்துப் பார்க்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பாலாற்றங்கரை: நூல் பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள் பாய், சேமிப்பு அதற்கப்புறம். ஃபீஸை 12ஆல் வகுத்தால் மாதம் 6 வரும். அதுவும் அந்த 26க்குள்தான் அடங்க வேண்டும். அடங்குமா?