புதுப்பிப்பு: ஃபுல் சிந்தெடிக் இஞ்சின் ஆயில் ஊத்தி 10 மாசம் ஓட்டிய பிறகு

“150 சிசி வண்டி, காரைக்குடிக்குள்ளதான் ஓட்டம். ஃபுல் சிந்தெடிக் காசுக்குத் தகுமா?” (என் பழைய கேள்வி)

எனக்குத் தகலை, செமி சிந்தெடிக்குக்கே திரும்பிட்டேன்.

செமி ஒரு லிட்டர் 420 ரூபாய், 3,000 கி.மீ.க்கு மாத்துவேன். ஃபுல் 800, 5,000 வரை போகலாம்னு கணக்கு. கிலோமீட்டருக்கு 14 பைசா, 16 பைசா, பெரிய வித்தியாசமில்லை. ஆனா 5,000 ஓடினாத்தானே!

மழைக்காலத்துல மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளை நுரை. “கடைவீதிக்கு ரெண்டு கிலோமீட்டர், திரும்ப ரெண்டு. இஞ்சின் நல்லா சூடேறுமுன்ன நிறுத்திடுறீங்க தம்பி. ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாம ஆயில்லயே தங்கிடும். எந்த ஆயிலும் இதுக்குத் தப்பாது,” என்றார். 3,200லயே வடிச்சோம். அப்போ கிலோமீட்டருக்கு 25 பைசா!

ஃபுல் ஊத்தினா கிளட்ச் வழுக்கும்னு ஒருத்தர் எச்சரிச்சிருந்தார். அவர் ஊத்தினது கார் ஆயில். டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ2 முத்திரை இருந்தா அந்தப் பயமில்லை, எனக்கு வழுக்கவேயில்லை.

வாராவாரம் தேவகோட்டையிலிருந்து மதுரைக்கு விரட்டிப் போற அண்ணனுக்கு ஃபுல்தான் சரி, அவர் 5,000 தாராளமா எடுக்கிறார். கியர் மெத்துனு விழுதுங்கிறார். எனக்கும் விழுந்துச்சு, ஆயில் புதுசுங்கிறதாலயா, ஃபுல்லுங்கிறதாலயான்னு இன்னும் பிடிபடலை.