புதுப்பிப்பு: நடுவில் இருப்பது மையம் அல்ல, சுழல்

என் பழைய கேள்வி: "x'' + x'³ + x − x³ = 0. ஆதிப்புள்ளியைச் சுற்றி வளையம் மூடுதா?"

மூடவில்லை. y = x' என வைத்தால் சமநிலைப் புள்ளிகள் (0,0), (±1,0). ஓரத்து இரண்டும் ஐகன் மதிப்பு ±√2 உள்ள சேணப் புள்ளிகள். நடுவில் ±i வந்ததும் "அப்போ மையம்தான்" என்றார் ஒருவர்; நானும் நம்பினேன். நேரியலாக்கும்போது y³ காணாமல் போவதை இன்னொருவர் பிடித்தார். V = y²/2 + x²/2 − x⁴/4 எடுத்து வகையிட்டால் V' = −y⁴. ஆற்றல் குறைகிறது, பாதை உள்ளே சுழல்கிறது. வீச்சு 0.1 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.002தான் குறையும், பென்சில் கோட்டில் அது எங்கே தெரியும்!

தன் ஊசலைப் பற்றிக் கேட்டவருக்கு: உங்கள் உராய்வு y-க்கு நேர்விகிதம், அங்கே ஐகன் மதிப்பே சுழலைச் சொல்லிவிடும்.

சேணத்துக்குள் வந்து சேரும் பிரிகோடு மட்டும் பாக்கி. (1,0)-இலிருந்து −√2 சரிவில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.