பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டின் மேல் விழுந்தபோது நான் எழுதிய கடிதம்

ஓட்டுவீடு, பட்டுக்கோட்டை
போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்த காற்றில் பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் சமையலறைக் கூரையில் சாய்ந்தது. சீமை ஓடுகள் நொறுங்கி, ரீப்பர் நாலு இடத்தில் முறிந்து, முகட்டு உத்திரமும் விரிசல் விட்டுவிட்டது. ஆசாரி 68,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டுக் கொடுத்தார். இருபது வருடப் பழக்கம், வாய்த்தகராறு வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கடிதமாகவே கொடுத்தேன். அதில் முக்கியமான பகுதி:

"அன்புள்ள அண்ணனுக்கு, நேற்றிரவு உங்கள் தென்னை விழுந்து எங்கள் சமையலறைக் கூரை சேதமாகியிருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். இது யார் தவறு என்று இதில் நான் எழுதவில்லை. என் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்று தகவல் கொடுக்கிறேன். வீட்டுக் கடனோடு எடுத்த பாலிசி உங்களிடமும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கம்பெனிக்கும் இன்றே தெரிவித்துவிடுங்கள். அவர்களைக் கேட்காமல் எனக்கு எழுத்தில் எந்த வாக்குறுதியும் தர வேண்டாம். மரத்தை அறுத்து நகர்த்தலாம், ஆனால் அடிக்கட்டையையும் வேரையும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை அப்படியே வையுங்கள்."

முதலில் அண்ணன் முகம் கோணியது உண்மைதான். "ஏம்ப்பா, கேஸ் போடப் போறியா?" என்றார். கடைசி இரண்டு வரிகளைப் படித்துக் காட்டியபிறகுதான் சரி என்றார்.

கடலோரம்
இதுக்கெல்லாம் கடிதம் எதுக்கு? காத்துல விழுந்தா இயற்கைச் சீற்றம், யாரும் பைசா தர மாட்டாங்க. கஜா புயலப்போ எங்க பக்கம் எத்தனை மரம் விழுந்துச்சு, யார் யாருக்குக் கொடுத்தாங்க?

ஓய்வுபெற்ற சர்வேயர்
கடலோரம் சொல்வதில் பாதி சரி. நல்ல மரத்தைப் புயல் சாய்த்தால் மரத்துக்காரரைப் பொறுப்பாக்குவது கடினம். ஆனால் உங்கள் பாலிசியில் கிளைம் செய்ய யார் தவறும் தேவையில்லை. 2021 ஏப்ரலில் இருந்து வரும் பாரத் கிருக ரக்ஷா பாலிசியில் புயல்காற்றும் உண்டு, மரம் விழுந்து மோதுவதும் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் கதை வேறு. அவருடைய சாதாரண வீட்டு பாலிசி அவருடைய வீட்டுக்குத்தான். உங்கள் கூரைக்குக் கொடுக்கவேண்டுமென்றால் மூன்றாம் நபர் பொறுப்புக்குத் தனியாகச் சேர்த்திருக்கவேண்டும். சேர்த்திருந்தாலும், கம்பெனியைக் கேட்காமல் "நான் தந்துடறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் கையை விரிக்கலாம். அந்த வரியை நீங்கள் எழுதியது நல்லது.

நீங்களும் ஒன்று எழுதக்கூடாது: "உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்." உங்களுக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அதை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையைப் பெறுகிறது. நீங்கள் முன்பே விட்டுக்கொடுத்திருந்தால் உங்கள் கிளைமையே இழுத்தடிப்பார்கள்.

அடிக்கட்டையைப் பார்த்தீர்களா? எப்படி இருந்தது?

ஓட்டுவீடு, பட்டுக்கோட்டை
பார்த்தேன் ஐயா. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து காய்ந்த தடம். அடியில் தட்டு மாதிரி ஒரு காளான். வேர் கையில் எடுத்தால் உதிர்கிறது.

ஓய்வுபெற்ற சர்வேயர்
தஞ்சாவூர் வாடல் நோய் மாதிரி இருக்கிறது, உங்கள் பக்கம் தெரிந்த வியாதிதான். அப்படியென்றால் காற்று மட்டும் காரணம் இல்லை. சாறு வடிந்தது அவருக்குத் தெரியுமா, யாராவது முன்பே எச்சரித்தார்களா என்பதுதான் கேள்வி. தெரிந்தும் விட்டிருந்தால் அலட்சியம் என்று வாதாடலாம். தெரியாது என்றால் கஷ்டம். அளவுகோலை வைத்து அந்தத் தடத்தையும் காளானையும் படம் எடுத்து வையுங்கள்.

மாமரத்தடி
எங்க வீட்டிலும் இதே கதைதான், ஆனா மாங்கிளை என் கார் மேல விழுந்தது! பக்கத்து வீட்டு அக்கா பாலிசில கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் என் கார் பாலிசில வாங்கினேன், நோ கிளைம் போனஸ் போச்சு. கூரைக்கும் போனஸ் போகுமா?

ஓய்வுபெற்ற சர்வேயர்
காருக்கு நடந்தது கார் பாலிசியின் சங்கதி அம்மா. வீட்டு பாலிசியில் புதுப்பிக்கும்போது எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்கள் கம்பெனியிடமே கேளுங்கள்.

ஓட்டுவீடு, பட்டுக்கோட்டை
தார்ப்பாய் உடனே போட்டுவிட்டேன், அதன் பில் இருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி மிக்ஸியும் கிரைண்டரும் கெட்டிருந்தால் அது வேறு தலைவலி ஆகியிருக்கும். மரத்தை அறுத்து அகற்ற 4,000 ரூபாய் ஆனது. கம்பெனி அனுப்பிய சர்வேயர், இடிபாடு அகற்ற கிளைம் தொகையில் 2% வரைதான் என்றார். 68,000 முழுசாக ஏற்றாலும் 1,360 ரூபாய்தான் வரும். மீதியை அண்ணனிடம் கேட்கலாமா?

கடலோரம்
மரத்தை வித்த காசு அண்ணன்கிட்டதானே இருக்கு? கேளுங்க.

ஓய்வுபெற்ற சர்வேயர்
கேட்கலாம், ஆனால் உங்கள் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு பக்கமும் வாங்கியதாக வரக்கூடாது. அண்ணனின் கம்பெனி என்ன பதில் சொன்னது?

ஓட்டுவீடு, பட்டுக்கோட்டை
இன்னும் பதில் வரவில்லை. அவருடைய பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பு இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. பாலிசி பத்திரம் வங்கியில் இருக்கிறதாம், திங்கட்கிழமை நகல் கேட்கப் போகிறார்.