உத்திரத்துக்கு லீவு எப்போது கேட்பது? எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

14 டிசம்பர் 2025, ஞாயிறு

செல்வி: புதுக் காலண்டர் வந்துவிட்டது. 2026-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 1, புதன்கிழமை. பாப்பாவுக்கு அன்றைக்கே மொட்டையும் காதுகுத்தும் வைத்துவிடலாம் என்று இங்கே அத்தை சொல்லிவிட்டார்கள். முத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தணும். இப்போதே லீவு கேட்டு வை.

முத்து: ஏப்ரல் 1-ஆ அக்கா? மார்ச் 31 கணக்கு முடிக்கிற நாள். மறுநாள் வங்கி மூடியிருப்பது வாடிக்கையாளர்களுக்குத்தான், உள்ளே எங்களுக்கு முழு வேலை இருக்கும். 2025-இல் ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை வந்ததால் வேலை நெருக்கடி இல்லாமல் வந்தேன். ஆனால் டிசம்பரிலேயே ஏப்ரல் லீவு கேட்டால் மேனேஜர் என்ன நினைப்பார்? பிப்ரவரி கடைசியில் கேட்டால் போதாதா?

ராஜா அத்தான்: இதற்கு எதற்கு லீவு? உத்திரத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பாரே. எங்கள் பள்ளிக்கூடமே மூடித்தான் இருக்கும்.

கணேசன் மாமா: மாப்பிள்ளை, அது உங்கள் மாவட்டத்துக்கு மட்டும். இவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். நெல்லையிலேயே இருந்தாலும் உள்ளூர் விடுமுறை வங்கிகளைக் கட்டாது. செலாவணி முறிச் சட்டத்தின்படி வருகிற விடுமுறை அல்ல என்று அந்த ஆணையிலேயே எழுதியிருக்கும். உங்களுக்கும் ஒரு சனிக்கிழமை ஈடு செய்ய வேண்டிவருமே, மறந்துவிட்டீர்களா?

ராஜா அத்தான்: ஆமாம் மாமா, சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். வங்கிக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியாது.

பிரியா: மார்ச் 31 மகாவீர் ஜெயந்தி, அரசு விடுமுறை. முத்து அண்ணன் 30-ஆம் தேதி இரவே கிளம்பிவிடலாமே?

கணேசன் மாமா: அதை நம்ப வேண்டாம். 2025 மார்ச் 31 ரம்ஜான். அன்றைக்கும் அரசுக் கணக்கு பார்க்கிற கிளைகளைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முத்து, 31 முழுக்க வேலை என்று வைத்துக்கொண்டே திட்டம் போடு.

ஆச்சி: (பிரியா தட்டுகிறேன், ஆச்சி சொல்கிறார்கள்) 31-ஆ 1-ஆ என்று ஏன் குழப்புகிறீர்கள்? உத்திரம் 31 பிற்பகலில் பிறந்து 1-ஆம் தேதி பிற்பகல் வரை இருக்கிறது. சூரியன் உதிக்கும்போது இருக்கிற நட்சத்திரம்தான் அந்த நாளுக்கு. நம்ம சாஸ்தாவுக்கு அபிஷேகம் 1-ஆம் தேதி விடியற்காலை.

செல்வி: ஆச்சி, நாங்கள் கேட்டது லீவைப் பற்றி.

ஆச்சி: அதைத்தான் சொல்கிறேன். பூசாரியிடம் கேட்காமல் காலண்டரைப் பார்த்து லீவு எழுதிக் கொடுத்து, கடைசியில் கோவிலில் முந்தின நாள் வைத்துவிட்டால் என்ன செய்வான்? முதலில் நாள் உறுதியாகட்டும். இன்னொன்று, அவன் நம்ம சாஸ்தாவைக் கும்பிடாமல் நேரே உன் மாமனார் கோவிலுக்கு வரக் கூடாது. இரண்டு கோவிலிலும் அன்றைக்குத்தான் கொடை.

கணேசன் மாமா: அத்தை சொல்வது சரி. பூசாரியிடம் நாளையே பேசுகிறேன்.

முத்து, நீ கேட்டதற்கு வருகிறேன். பிப்ரவரி கடைசி தாமதம். நான் கிளை மேலாளராக இருந்தபோது ஜனவரி கடைசியிலேயே மார்ச்சுக்கு யாருக்கு எந்த வேலை என்று பிரித்துவிடுவேன். அதற்கு முன்னால் ஒருவர் லீவு சொன்னால், அந்த நாளில் ஓர் ஆள் குறைவு என்று வைத்தே பிரிப்பேன். வேலையைக் கொடுத்த பிறகு சொன்னால், அதைத் திரும்ப வாங்கி இன்னொருவர் தலையில் வைக்க வேண்டும். கோபம் வருவது அங்கேதான். அதனால் இத்தனை நாள் முன்னால் என்று எண்ணாதே. உன் கிளையில் மார்ச் வேலை என்றைக்குப் பிரிக்கப்படுகிறது என்று பார், அதற்கு முன்னால் கேள்.

முத்து: புரிகிறது மாமா. ஆனால் லீவு விண்ணப்பிக்கிற எங்கள் வங்கித் தளத்தில் 2026-க்கான தற்செயல் விடுப்பு 12 நாளும் ஜனவரி 1-இல்தான் கணக்கில் ஏறும். இப்போது போட்டால் ஏற்காது.

கணேசன் மாமா: அப்போ இப்போது நேரில் சொல், அன்றே ஒரு மெயில் அனுப்பு. ஜனவரி முதல் வாரத்தில் தளத்தில் போடு. வாயால் சொன்னது மட்டும் நிற்காது. என் கீழே வேலை பார்த்த ஒரு பையனுக்கு முந்தைய மேலாளர் சரி என்று சொல்லியிருந்தார். நான் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தேன். அவன் மார்ச் 20-ஆம் தேதி வந்து நின்றபோது என் கையில் எந்தத் தாளும் இல்லை. என்னால் கொடுக்க முடியவில்லை. அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மாரி அண்ணன்: ஓசூரில் என் கதையும் இதுதான். எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு 9 நாள் விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக 5 பண்டிகை நாள். அந்த ஐந்தைத் தொழிலாளர்களிடம் கேட்டு வருடத் தொடக்கத்தில் பட்டியல் போடுவார்கள். நான் உத்திரம் கேட்டேன். இங்கே பாதிப் பேருக்கு உகாதிதான் முக்கியம், உத்திரத்துக்குக் கை தூக்க ஆள் இல்லை. அதனால் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறேன். 2024-இல் கூட்டாளியிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டேன். வராத நாள் என்று போட்டுச் சம்பளத்தில் பிடித்தார்கள். இப்போது இருவரும் கையெழுத்துப் போட்டு 15 நாளுக்கு முன்னால் கொடுத்துவிடுகிறோம்.

பிரியா: இவ்வளவு எதற்கு? காலையில் காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்பினால் முடிந்தது. எங்கள் அலுவலகத்தில் பலரும் அப்படித்தான்.

முத்து: சாமி கும்பிடப் போகிற நாளில் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை பிரியா.

கணேசன் மாமா: இதைக் கொஞ்சம் யோசி பிரியா. உத்திரம் மார்ச் நடுவில் இருந்து ஏப்ரல் நடுவுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். 2024-இல் மார்ச் 25, 2025-இல் ஏப்ரல் 11, இப்போது ஏப்ரல் 1, 2027-இல் மார்ச் 22. முத்துவுக்கு வருடா வருடம் கணக்கு முடிவை ஒட்டியே வரும். ஒவ்வொரு பங்குனியிலும் காய்ச்சல் வந்தால் மூன்றாம் வருடம் உண்மையான காய்ச்சலையும் நம்ப மாட்டார்கள். இது எனக்கு வருடம்தோறும் வருகிற ஒரு நாள், தேதி மட்டும் மாறும் என்று இந்த வருடமே மேலாளரிடம் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் பாதிப் பேச்சு மிச்சம்.

முத்து: 2025-இல் நான் என்ன எழுதினேன் தெரியுமா மாமா? "சொந்த ஊரில் கோவில் விழா" என்று மட்டும். சனி, ஞாயிறில் போய் வந்தால் என்ன என்று கேட்டார். நேரில் விளக்கிய பிறகுதான் கொடுத்தார்.

கணேசன் மாமா: அவர் மேல் தப்பில்லை. விழா பத்து நாள் நடக்கும் என்று நினைத்திருப்பார். நகர்த்த முடியாத நாள் எது, நகர்த்தக்கூடியது எது என்று பிரித்து எழுது. கீழே இருப்பதை உங்கள் அலுவலக நடைக்கு மாற்றிக்கொள்.

"வணக்கம். 2026 ஏப்ரல் 1, புதன்கிழமை எங்கள் குலதெய்வக் கோவிலில் பங்குனி உத்திர வழிபாடு. நட்சத்திரத்தை வைத்து வருடத்தில் ஒரே நாள் நடப்பது, வேறு நாளுக்கு மாற்ற முடியாது. அன்றே என் அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமனாக நான் இருக்க வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் தற்செயல் விடுப்பு வேண்டும். மார்ச் 31 இரவு என் பகுதிக் கணக்கு முடியும் வரை இருப்பேன். ஏப்ரல் 2 காலை வந்துவிடுவேன். தணிக்கைக்கு முன்கூட்டியே தயாரிக்கக்கூடிய பட்டியல்களை மார்ச் 27-க்குள் முடித்துத் தருகிறேன். 1-ஆம் தேதி என் வேலையைப் பார்த்துக்கொள்ள உடன் பணிபுரிபவர் சம்மதித்திருக்கிறார்."

கடைசி வரியை அவரிடம் கேட்ட பிறகு மட்டும் எழுது.

முத்து: நன்றி மாமா. இரண்டு நாள் கேட்டு ஒன்றுக்குப் பேரம் பேசலாம் என்று நினைத்திருந்தேன்.

கணேசன் மாமா: வேண்டாம். ஒரு நாள்தான் என்றால் அதை விட்டுக்கொடுக்க முடியாது என்பது கேட்பவருக்கே தெரியும்.

5 ஜனவரி 2026, திங்கள்

முத்து: டிசம்பர் 16-ஆம் தேதியே சொல்லி மெயிலும் அனுப்பிவிட்டேன். "பார்க்கலாம்" என்றார். இன்று தளத்தில் போட்டாயிற்று.

கணேசன் மாமா: "பார்க்கலாம்" என்பது சம்மதம் இல்லை. அதே மெயிலுக்குக் கீழே, தளத்திலும் விண்ணப்பித்துவிட்டேன் என்று ஒரு வரி போடு. மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் நேரில் போய்க் கேள். பூசாரியும் 1-ஆம் தேதிதான் என்று உறுதி சொல்லிவிட்டார், அபிஷேகம் 5 மணிக்கு.

செல்வி: எங்கள் கோவிலில் காதுகுத்து 11 மணிக்கு வைத்திருக்கிறோம். நம்ம கோவிலில் இருந்து முக்கால் மணி நேரம் ஆகும்.

முத்து: 31 இரவு 10 மணிக்குக் கிளம்பினாலும் பஸ்ஸில் நெல்லை வந்து சேர விடிந்துவிடும் அக்கா. 5 மணி அபிஷேகம் எனக்குக் கிடைக்காது.

ஆச்சி: அபிஷேகம் போனாலும் படையலுக்கு வந்துவிடு. குளித்துவிட்டு வா, அது போதும்.

31 ஜனவரி 2026, சனி

முத்து: காலை 8 மணிக்கே உட்கார்ந்து ஏப்ரல் 1 இரவு திரும்பி வர ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். முன்பு 120 நாள் இருந்ததை 60 ஆக்கியதும் ஒரு வகையில் நல்லதுதான், லீவு பதிலைப் பார்த்துவிட்டு எடுக்க முடிந்தது.

செல்வி: பதில் வந்துவிட்டதா!

முத்து: நேற்று மாலை வந்தது. விடுப்பு அனுமதித்திருக்கிறார். தணிக்கையாளர் 1-ஆம் தேதியே கிளைக்கு வந்தால் மறுபடி பேச வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். எந்தக் கிளைக்கு எந்த நாள் என்பது மார்ச்சில்தான் தெரியும்.

ராஜா அத்தான்: அப்படி வந்துவிட்டால்? மாரியின் மடியில் உட்கார வைக்கலாமா? அவரும் மாமன்தானே.

மாரி அண்ணன்: நான் தயார். ஆனால் கூடப்பிறந்த தாய்மாமன் இருக்கும்போது நான் உட்காருவது சரியா என்று ஆச்சிதான் சொல்ல வேண்டும்.

ஆச்சி: அதை மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். முத்து வருகிறான் என்றே வைத்துக்கொள்.

கணேசன் மாமா: முத்து, மார்ச் 10 வாக்கில் ஒரு முறை நினைவூட்டு. முதல் மெயிலின் தொடர்ச்சியாகவே அனுப்பு, புதிதாக எழுதாதே. டிசம்பரில் கேட்டது அப்போதுதான் அவர் கண்ணில் படும்.

முத்து: சரி மாமா. அக்கா, பாப்பாவுக்குக் கம்மல் நான்தானே எடுக்கணும்? திருகு வைத்ததா, வளையமா?

செல்வி: வளையம் போதும். சின்னக் காது, கனமாக எடுத்துவிடாதே.